ஒரே காருக்கு இரண்டு முறை தேய்மானமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப் போட்டபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்து, இழுவை வண்டி வந்து, கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், சர்வேயர் பார்த்துவிட்டுப் போன பிறகு பலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் வாகனம் முழு இழப்பாகக் கருதப்படுகிறது, தேய்மானம் போக இவ்வளவு ரூபாய் தருகிறோம், சம்மதம் என்றால் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று இருக்கும் அதில். புயல் வேண்டியதில்லை. நெடுஞ்சாலை விபத்து, தீ, திருட்டு என எந்தக் காரணத்தால் கார் போனாலும் வருவது இதே மின்னஞ்சல்தான்.

வீட்டில் கார் இல்லை, மாதத் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் பெரும்பாலானவர்கள் வந்தவரைக்கும் லாபம் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த மின்னஞ்சலில் இருப்பது முடிந்த முடிவு இல்லை. அது காப்பீட்டு நிறுவனம் சொல்லும் ஒரு விலை. அதற்கு எழுத்தில் மறுப்புச் சொல்லி, நமக்குச் சேர வேண்டிய தொகை இதுதான் என்று எதிர்க்கோரிக்கை வைக்கலாம். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது, எந்த ஆதாரத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் பாலிசியை எடுத்து முன்பக்கத்தைப் பாருங்கள். ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும். காருக்கு நிறுவனம் ஒப்புக்கொண்ட காப்பீட்டு மதிப்பு அது. 2002இல் வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள்தான் இதைக் கணக்கிடும் முறையை வகுத்தன. பாலிசி தொடங்கும் நாளில் அதே மாடல் புதுக் காருக்குத் தயாரிப்பாளர் அறிவித்திருக்கும் விற்பனை விலையை எடுத்துக்கொண்டு, காரின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட காருக்கு 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20 என்று ஏறிக்கொண்டே போய், நான்கிலிருந்து ஐந்து வயதுக் காருக்கு 50 சதவீதத்தில் நிற்கும். ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு அட்டவணை கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி.

ஆக, தேய்மானம் பாலிசி எடுத்த அன்றே கழிக்கப்பட்டுவிட்டது. அந்த விதிகளிலேயே, அவற்றை அப்படியே எடுத்தாளும் பாலிசிகளிலும், இன்னொரு வரி இருக்கிறது. முழு இழப்புக் கிளைமில் ஐ.டி.வி.யையே பாலிசிக் காலம் முழுவதும் சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும், அதன்மேல் மறுபடி தேய்மானம் கழிக்கக் கூடாது என்பது அந்த வரியின் சாரம். நம் கடிதத்தின் முதுகெலும்பு இதுதான். உங்கள் பாலிசிப் புத்தகத்தில் 'காப்பீட்டு மதிப்பு' என்ற தலைப்பின் கீழ் இது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிப் பிடித்து, வார்த்தை மாறாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு விதிமுறைப் புத்தகத்தைத் தராமல் விட்டிருந்தால், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் தேய்மானம் எப்படி உள்ளே நுழைகிறது? பெரும்பாலும் இரண்டு கிளைம்களின் விதிகள் கலந்துவிடுவதால். பம்பர் உடைந்தது, கதவு நசுங்கியது என்று பழுது பார்க்கும் கிளைமில் பாகங்களுக்குத் தேய்மானம் பிடிப்பது முறைதான். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயருக்கும் பேட்டரிக்கும் பாதி விலைதான் தருவார்கள், இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள். முழு இழப்பு வேறு. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காரை முழுவதுமாக இழந்ததாகவே கொள்ள வேண்டும் என்கின்றன அதே விதிகள். அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு பாகங்களின் கணக்குக்கு வேலை இல்லை. ஆனாலும் சில சர்வேயர்கள் பழைய பழக்கத்தில் அதை இழுத்து வருகிறார்கள். வேறு சிலர், பாலிசி எடுத்து இத்தனை மாதம் ஓடிவிட்டது, இன்றைய சந்தை விலை இவ்வளவுதான் என்று புதிதாக ஒரு மதிப்பைப் போடுகிறார்கள். பழைய கார் என்றால் இந்த இரண்டாவது வகைதான் அதிகம்.

ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2016 மாடல், 1,197 சிசி பெட்ரோல் கார். 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் பாலிசியைப் புதுப்பித்தபோது ஐ.டி.வி. 4,20,000 ரூபாய் என்று நிறுவனமே ரினியூவல் நோட்டீஸில் போட்டு அனுப்பியது. உரிமையாளர் பேரம் பேசாமல் பிரீமியம் கட்டினார். டிசம்பரில் கார் டாஷ்போர்டு வரை மூழ்கியது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 3,90,000 ரூபாய். 4,20,000இல் 75 சதவீதம் 3,15,000தான் என்பதால் முழு இழப்பு என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

நிறுவனத்தின் கணக்கு இப்படி வந்தது. சந்தை மதிப்புக் குறைவு என்று 15 சதவீதம், அதாவது 63,000 கழித்தார்கள். மீதி 3,57,000. காரின் மிச்சத்தை, ஸ்கிராப் வியாபாரிகள் சால்வேஜ் என்று சொல்வதை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு 95,000 கழித்தார்கள். மீதி 2,62,000. கடைசியாகக் கட்டாய எக்ஸ்செஸ் 1,000 போக, தருவதாகச் சொன்னது 2,61,000 ரூபாய். நான்கே மாதத்துக்கு முன் அதே நிறுவனம் 4,20,000 பெறும் என்று எழுதிக் கொடுத்த கார் இது.

இந்த மூன்று கழிவையும் ஒரே தட்டில் வைத்துக் கோபப்படக் கூடாது. எக்ஸ்செஸ் நியாயமானது. 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு அது பாலிசியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை நாமே கழித்துக் காட்டினால் நம் கணக்கின் மேல் நம்பிக்கை கூடும். சால்வேஜ் கழிவு கொள்கையில் சரி, தொகைதான் கேள்விக்குரியது. 63,000 மட்டும் அடியோடு தவறு.

சால்வேஜுக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. வண்டியின் மிச்சத்தை எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. அது 95,000 பெறும் என்று நிறுவனம் நினைத்தால், முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு நிறுவனமே எடுத்து விற்கட்டும். நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால், ஸ்கிராப் வாங்கும் இரண்டு பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். நம் உதாரணத்தில் ஒருவர் 60,000 என்றார், இன்னொருவர் 68,000 என்றார். கடிதத்தில் கூடுதலான 68,000ஐயே வையுங்கள். நமக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுத்தோம் என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.

இனி சந்தை மதிப்பு ஆதாரத்துக்கு வருவோம். ஐ.டி.வி.தான் சந்தை மதிப்பு என்று விதியே சொல்லும்போது தனி ஆதாரம் எதற்கு என்று கேட்கலாம். அது இரண்டாவது அரண். ஐந்து வயது தாண்டிய காரில் நிறுவனம் சொல்லும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: உரிமையாளர் மதிப்பை ஏற்றிக் காட்டி பாலிசி எடுத்துவிட்டார். அந்த வாதத்தை முளையிலேயே கிள்ளுவதற்குத்தான் சந்தை ஆதாரம். கடிதத்தில் ஒப்பந்தம் முதலில் வர வேண்டும், சந்தை அதற்குப் பிறகு. பலர் இதைத் தலைகீழாக எழுதி, விளம்பர விலைகளில் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கிய உடனே, மதிப்பு என்பது இன்னமும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது.

இன்னொரு எல்லையையும் மனதில் வைக்க வேண்டும். சந்தையில் உங்கள் கார் ஐந்து லட்சம் போகும் என்று நிரூபித்தாலும் ஐ.டி.வி.க்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கேட்க முடியாது. அது உச்சவரம்பு. இன்வாய்ஸ் விலையைத் தரும் கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் சில நூறு மிச்சம் என்று ஐ.டி.வி.யைக் குறைத்து எடுத்தவர்களுக்கு இந்தக் கடிதம் உதவாது.

ஆதாரம் திரட்டும்போது ஒப்பிடும் கார்கள் உங்கள் காரின் இரட்டைப் பிறவியாக இருக்க வேண்டும். அதே மாடல், அதே வேரியன்ட், அதே ஆண்டு, அதே எரிபொருள், ஏறக்குறைய அதே கிலோமீட்டர், அதே ஊர்ப் பதிவு எண். பேஸ் மாடல் வைத்திருப்பவர் டாப் மாடலின் விலையைக் காட்டினால் மற்ற காகிதங்களின் மதிப்பும் போய்விடும். பழைய கார் விற்கும் தளங்களில் மூன்று நான்கு விளம்பரங்களை, தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி முழுப் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு நடந்த நாளுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உள்ளூர் யூஸ்டு கார் டீலர் ஒருவர் தன் லெட்டர்பேடில், இப்படிப்பட்ட கார் இந்த மாதத்தில் இன்ன விலைக்குப் போகும் என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தால் அது விளம்பரத்தைவிட வலுவானது.

நம் உதாரணத்தில் மூன்று விளம்பரங்கள் கிடைத்தன. 48,000 கிலோமீட்டர் ஓடிய கார் 4,65,000. 56,000 ஓடியது 4,50,000. 71,000 ஓடியது 4,35,000. சராசரி 4,50,000. இதை அப்படியே வைக்கக் கூடாது, ஏனென்றால் விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, கை மாறும் விலை அதைவிடக் குறைவு. பேரத்துக்கு என்று நாமே 5 சதவீதம் தள்ளிவிட்டால் 4,27,500 வருகிறது. ஐ.டி.வி. 4,20,000. ஆக மதிப்பு ஏற்றிக் காட்டப்படவில்லை, சற்றுக் குறைவாகத்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால் சர்வேயருக்கு மட்டும் 3,57,000 எங்கிருந்து வந்தது? இங்கேதான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கி, மதிப்பீடு எந்த அடிப்படையில் போடப்பட்டது என்று பாருங்கள். ஆன்லைன் விலைக் கணிப்பான் ஒன்றின் பக்கம் இணைக்கப்பட்டிருந்தால் அதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, காரின் நிலை. சுமார், நன்று, மிக நன்று என்று கேட்கும் இடத்தில் எதைத் தேர்வு செய்திருக்கிறார்? வெள்ளத்தில் ஊறிய காரைப் பார்த்தவர் 'சுமார்' என்று போட்டிருக்கலாம். ஆனால் மதிப்பிட வேண்டியது தண்ணீர் புகுவதற்கு முந்தின நாளில் கார் எப்படி இருந்தது என்பதை. இரண்டாவது, அது யாருடைய விலை? டீலர் உங்களிடமிருந்து வாங்கும் விலை ஒன்று, அதே டீலர் உங்களுக்கு விற்கும் விலை வேறொன்று. இடையில் இருப்பது அவருடைய செலவும் லாபமும். காரை இழந்தவர் அதே மாதிரி ஒரு காரை வாங்கியாக வேண்டும், எனவே அவரைப் பொறுத்தவரை சந்தை விலை என்பது வாங்கப் போனால் கொடுக்க வேண்டிய விலை. கணிப்பானில் விற்பவருக்குக் கிடைக்கும் தொகையை எடுத்துவிட்டு அதைச் சந்தை மதிப்பு என்று எழுதியிருந்தால், கடிதத்தில் அதைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டுங்கள்.

காரின் நிலையை நிறுவ சர்வீஸ் பில்கள் போதும். ஒவ்வொரு பில்லிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். போன வருடம் மாற்றிய டயர், பேட்டரி, கிளட்ச் பில்கள் இருந்தால் சேருங்கள். அவற்றின் விலையைத் தனியாகக் கேட்காதீர்கள், கிடைக்காது. கார் பராமரிக்கப்பட்டது என்பதற்குச் சாட்சியாக மட்டும் அவை நிற்கட்டும்.

கடிதத்தை நிறுவனத்தின் கிளைம் பிரிவுக்கு எழுதி, குறைதீர்ப்பு அதிகாரிக்கும் நகல் அனுப்புங்கள். மின்னஞ்சலோடு பதிவுத் தபாலும் போகட்டும். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். உடல் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்.

"ஐயா, மேற்கண்ட கிளைமில் தாங்கள் அனுப்பிய 2,61,000 ரூபாய் தீர்வை ஏற்க இயலவில்லை. என் பாலிசியில் காப்பீட்டு மதிப்பு 4,20,000 ரூபாய். அதைத் தாங்களே ரினியூவல் நோட்டீஸில் குறிப்பிட்டு, அதன் மேல் பிரீமியம் பெற்றுக்கொண்டீர்கள். முழு இழப்பில் இந்த மதிப்பையே சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும், மேலும் தேய்மானம் கழிக்கக் கூடாது என்று பாலிசி விதி கூறுகிறது. அந்தப் பக்கத்தை இணைத்துள்ளேன். எனவே 63,000 ரூபாய் கழிவுக்கு எந்த விதி ஆதாரம் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இதற்குப் பாதகமின்றி, அந்த மதிப்பு சந்தைக்கு ஒத்தது என்பதற்கு மூன்று விற்பனை விளம்பரங்களையும் டீலர் கடிதத்தையும் சர்வீஸ் பில்களையும் இணைத்துள்ளேன். பேரத்துக்கு 5 சதவீதம் தள்ளிய பிறகும் சராசரி 4,27,500 ரூபாய் வருகிறது. சர்வேயர் எடுத்துக்கொண்டது விற்பவருக்குக் கிடைக்கும் தொகை, அதுவும் 'சுமார்' நிலைக்கு உரியது.

வாகனத்தின் மிச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் எக்ஸ்செஸ் 1,000 போக 4,19,000 ரூபாய் தர வேண்டுகிறேன். நான் வைத்துக்கொள்வதாக இருந்தால், இணைத்துள்ள இரண்டு விலைப்புள்ளிகளில் கூடுதலான 68,000ஐக் கழித்து 3,51,000 ரூபாய் தர வேண்டுகிறேன். 15 நாட்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில் தரவும்."

'இதற்குப் பாதகமின்றி' என்ற சொற்றொடரை விட்டுவிடாதீர்கள். முதல் வாதத்தை விட்டுக்கொடுக்காமல்தான் இரண்டாவது வாதத்தை வைக்கிறோம் என்பதை அது காட்டுகிறது. கழிவுக்கு விதி ஆதாரம் கேட்கும் வரியும் அப்படியே. பல கிளைம்கள் அந்த ஒரு கேள்வியிலேயே திரும்பிப் பார்க்கப்படும், ஏனென்றால் பதில் எழுத உட்காருபவர் பாலிசியில் அந்த விதியைத் தேட வேண்டியிருக்கும்.

தீர்ப்பு எதையாவது சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தர்மேந்திர கோயல் எதிர் ஓரியன்டல் இன்சூரன்ஸ் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினையைப் பார்த்தது. பாலிசி கொடுக்கும்போது ஒரு மதிப்பை ஏற்றுக்கொண்டுவிட்டு, பணம் தர வேண்டிய நேரத்தில் அதையே மறுக்கும் நிறுவனங்களின் போக்கைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டுச் சேருங்கள். இடையில் ஓடிய மாதங்களுக்கு என்று ஒரு சிறு தொகையை நீதிமன்றமும் கழித்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்டுவார். உங்கள் பாலிசியில் 'மேலும் தேய்மானம் இல்லை' என்ற வரி இருக்கும்போது அந்த வரிதான் தீர்ப்பைவிடக் கூர்மையான ஆயுதம். சர்வேயர் சொன்னதுதான் முடிவு என்று பதில் வந்தால் மட்டும், சர்வே அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தும் இறுதி வார்த்தை இல்லை என்று 2009இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மேற்கோள் காட்டுங்கள்.

கடிதப் போக்குவரத்து நடக்கும்போதே, பணம் உடனே வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். முழு, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று அதில் அச்சிட்டிருக்கும். அப்படிக் கையெழுத்து வாங்கிவிட்டதால் மட்டும் கூடுதல் தொகை கேட்கும் உரிமை பாலிசிதாரருக்குப் போய்விடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் கையெழுத்துக்கு மேலே 'ஆட்சேபத்துடன், தகராறில்லாத தொகையாக மட்டும் பெறுகிறேன்' என்று கையால் எழுதிவிட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதை அன்றே மின்னஞ்சலிலும் சொல்லிவிடுங்கள். கார் கடனில் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும் என்பதையும், மிச்சத்தை வாங்கிச் செல்பவர் பெயருக்கு ஆர்.சி. மாறும்வரை அல்லது ஆர்.டி.ஓ.வில் பதிவு ரத்தாகும்வரை அந்த வண்டிக்கு நீங்களே பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

நிறுவனம் பெரும்பாலும் இடைப்பட்ட ஒரு தொகையோடு வரும். நம் உதாரணத்தில் தேய்மானத்தைப் பாதியாக்குகிறோம் என்று சொன்னால், அது 31,500 ரூபாயை எந்த விதியும் இல்லாமல் விட்டுத்தரச் சொல்வதாகும். சால்வேஜ் தொகையில் கொஞ்சம் இறங்கிப் போகலாம், அது மதிப்பீடு சார்ந்தது. தேய்மானத்தில் இறங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மறுத்துவிட்டாலோ, ஒரு மாதத்தில் பதிலே வராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை விசாரிக்கிறார்கள். மறுப்பு வந்த ஓர் ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். அதே விஷயம் ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே முதலில் இங்கே போய்விட்டு, தீர்வு திருப்தியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதுதான் சரியான வரிசை. ஆணையத்துக்கான காலக்கெடு இரண்டு ஆண்டு. இந்த இரண்டு இடங்களிலும் முதலில் கேட்பது நீங்கள் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தையும் அதன் இணைப்புகளையும்தான். இணைப்புகளுக்கு எண் போட்டு, கடிதத்தில் எந்த வாக்கியத்துக்கு எந்த எண் என்று குறித்து வைத்திருந்தால், புகார் மனுவைப் புதிதாக எழுத வேண்டிய வேலையே இருக்காது.